ஒரு துணிப்பையும் 14 கவுண்டர்களும்



ஒரு குழு மாதக்கணக்கில் உழைத்த வேலை தோற்றுப்போகிறது. அடுத்த வேலைநாளில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் சிரிப்புக்கு இடம் உண்டா? உண்டு என்றுதான் நான் சொல்வேன். சிரிப்பே வராத கூட்டத்தில் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்; வாயைத் திறக்காவிட்டால் தவறு எங்கே நடந்தது என்பது வெளியே வராது. ஆனால் அந்தச் சிரிப்பு எந்த நேரத்தில் வருகிறது, எதைப் பார்த்து வருகிறது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

சென்னை கிண்டியில் ஒரு சின்ன மென்பொருள் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர். பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஆறு மாதம் உழைத்து பில் போடும் சாஃப்ட்வேர் செய்து, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓட விட்டார்கள். முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மாலை கூட்டம் ஏறியது. 14 கவுண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஹேங் ஆகி நின்றன. கையில் புடவையும் இடுப்பில் குழந்தையுமாக வரிசையில் நின்றவர்கள், எடுத்த துணியை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார்கள். இரவு, கடை முதலாளி பழைய சாஃப்ட்வேரையே மறுபடி போடச் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் ரத்து.

திங்கள்கிழமை காலை கூட்டம். டீ வந்து ஆறிக்கொண்டிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. டெஸ்டிங் செய்த பையன் மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று மாலை கடையில் நின்று ஏச்சு வாங்கிய சப்போர்ட் பெண் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

குழுத் தலைவி என்ன செய்ய வேண்டும்? "சரி விடுங்கப்பா, போனது போகட்டும், மத்தியானம் பிரியாணி சொல்லிடலாம்" என்று கலகலப்பாகத் தொடங்கத் தோன்றும். நல்லெண்ணத்தில் வரும் பேச்சுதான். ஆனால் மூலையில் இருக்கும் அந்தப் பெண்ணின் காதில் அது எப்படி விழும்? இரண்டு மணி நேரம் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியதெல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் விழும். அவள் சிரிப்பாள், அதற்குப் பிறகு பேச மாட்டாள்.

ஆகவே முதலில் நட்டத்தைச் சொல்ல வேண்டும், முழுதாகச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நேரம் நின்றது, முதலாளி என்ன சொன்னார், நமக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு போயிற்று. இவற்றைத் தலைவி தன் வாயாலேயே சொல்கிறார். "தீபாவளிக்கு முன்னாடியே போடலாம்னு சரி சொன்னது நான்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ அங்கே பார்த்ததைச் சொல்லும்மா" என்கிறார். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை. அவள் சொன்னது கரும்பலகையில் ஏறுகிறது. இதற்கெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும். இதைச் செய்யாமல் வரும் வேடிக்கைப் பேச்சு, எத்தனை இனிமையாக இருந்தாலும், பிரச்சினையை மூடிவைக்கும் பேச்சாகிவிடும்.

அடுத்து, காரணம். ஒவ்வொரு பில்லுக்கும் கடை ஒரு துணிப்பை இலவசமாகத் தருகிறது. அந்தப் பைக்கும் சரக்குப் பட்டியலில் ஒரு எண் உண்டு. பில் போடும்போது இருப்பிலிருந்து ஒரு பை கழிய வேண்டும். ஒரு கவுண்டர் கழித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கவுண்டர் அதே இருப்பைத் தொட்டால் கணக்கு குழம்பும் என்பதால், முதல் பில் முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்கும்படி எழுதியிருந்தார்கள். முறையான ஏற்பாடுதான். ஆனால் பில் முடிவது என்றால் கார்டு தேய்த்துப் பணம் ஏறும்வரை. அதற்கு அரை நிமிடம் ஆகும். புடவை ஆளுக்கொன்று வேறாக இருக்கும், பை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. ஆக, 14 கவுண்டர் இருந்தும் மொத்தக் கடைக்கும் நிமிடத்துக்கு இரண்டு பில்தான் போக முடியும்.

இதை விளக்கி முடித்ததும் தலைவி சொல்கிறார்: "நம்ம சாஃப்ட்வேர் ரொம்ப நேர்மையானது. ஒரு இலவசப் பை கணக்குல தப்பிடக் கூடாதுன்னு 14 கவுண்டரையும் வரிசையில நிக்க வச்சிடுச்சு. ரேஷன் கடையிலகூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது."

அறை சிரிக்கிறது. ஆறிய டீயை யாரோ எடுக்கிறார்கள்.

இந்த வேடிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அது பையைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தப் பகுதியை எழுதிய ஆளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது மட்டுமில்லை, தோல்விக்கான காரணம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பை, 14 கவுண்டர், வரிசை. நாளைக்கு ஒருவர் இந்தச் சிரிப்பை நினைத்தால் தவறும் கூடவே நினைவுக்கு வரும். பிரச்சினையை மறக்கடிக்கும் நகைச்சுவைக்கும் பிரச்சினையைச் சுமந்துகொண்டு வரும் நகைச்சுவைக்கும் இதுதான் வேறுபாடு என்று நான் நினைக்கிறேன்.

இதே இடத்தில், எழுதிய இளைஞனைப் பார்த்து, "தம்பி பை தூக்கத்தான் லாயக்கு" என்று சொல்லியிருந்தால்? அதற்கும் சிரிப்பு வந்திருக்கும், இன்னும் பலமாகவே வந்திருக்கும். அந்த இளைஞனும் சேர்ந்து சிரித்திருப்பான், வேறு வழியில்லை. அடுத்த முறை அவன் எழுதியதில் ஒரு சந்தேகம் அவனுக்கே வரும்போது அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வான். விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் அந்தத் துன்பம் ஒருவரோடு நிற்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஏழெட்டுப் பேரும் எதைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொள்கிறார்கள்.

மேலதிகாரி எதைச் சொன்னாலும் அறை சிரிக்கும் என்பதால் சிரிப்பொலியை நம்ப முடியாது. அதுவரை பேசாத ஒருவர் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். நம் கூட்டத்தில் அந்த டெஸ்டிங் பையன் தலையை நிமிர்த்துகிறான். "மேடம், டெஸ்ட் லிஸ்ட்ல பை இருந்துச்சு. விலை பூஜ்யம்தானே, இலவசப் பொருளை எல்லாம் எடுத்துடுன்னு சொன்னாங்க. எடுத்துட்டேன். அதோட, ரெண்டு கவுண்டர் வச்சுத்தான் ஓட்டிப் பார்த்தோம்."

இதுதான் அந்தக் கூட்டத்தின் பலன். எடுக்கச் சொன்னது யார் என்று தலைவி கேட்பதில்லை. விலையில்லாத பொருளைச் சோதிக்க வேண்டாம் என்று நமக்கு ஏன் தோன்றியது என்று கேட்கிறார். அதிலிருந்து வேலைகள் பிறக்கின்றன: பை இருப்பை இரவு கடை மூடியபின் மொத்தமாகக் கழிப்பது, கடையின் ஒரு சனிக்கிழமை பில்களை வாங்கி 14 கவுண்டருக்கும் ஓட்டிப் பார்ப்பது. எதை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று பலகையில் எழுதப்படுகிறது. சிரித்த பிறகு இந்த எழுத்து பலகையில் ஏறாவிட்டால், பொழுதுபோக்கிவிட்டு எழுந்த கூட்டமாகத்தான் அது முடியும்.

சிரிப்பும் விசாரணையும் இப்படிச் சேர்ந்து போனதை உலகறிந்த ஒரு நிகழ்ச்சியிலும் பார்க்கலாம். 1970 ஏப்ரலில் நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13 பாதிவழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்துத் தவித்தது. நிலவில் இறங்கும் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வீரர்களும் சந்திரக்கலத்தை உயிர்காக்கும் படகாக்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கலத்தைச் செய்தது கிரம்மன் நிறுவனம். வெடிப்பு நேர்ந்த பகுதியைச் செய்தது நார்த் அமெரிக்கன் ராக்வெல். வீரர்கள் பத்திரமாகத் திரும்பிய பிறகு, கிரம்மன்காரர்கள் ராக்வெல்லுக்கு விளையாட்டாக ஒரு பில் அனுப்பினார்கள். பழுதான வண்டியை இழுத்து வந்ததற்கு முதல் மைலுக்கு 4 டாலர், அடுத்த ஒவ்வொரு மைலுக்கும் 1 டாலர். இருவர் தங்கும் அறையில் மூன்றாவது ஆள் தங்கியதற்குத் தனி வாடகை. தள்ளுபடி போக 3 லட்சத்து 12 ஆயிரம் டாலருக்கும் மேல். ராக்வெல்காரர்களும் விடவில்லை. இதற்குமுன் உங்கள் கலங்களை நிலவுவரை நாங்கள்தானே கூலியில்லாமல் கொண்டுபோனோம் என்றார்கள்.

இதனால் விசாரணை தளர்ந்துவிடவில்லை. 28 வோல்ட்டுக்குச் செய்த சுவிட்ச்சுகள் தரைச் சோதனையில் 65 வோல்ட் வாங்கி ஒட்டிக்கொண்டது, அதனால் தொட்டிக்குள் சூடேறி வயர்களின் உறை கெட்டது என்பது வரை ஆய்வுக்குழு தோண்டி எடுத்தது. தொட்டியின் வடிவமைப்பை மாற்றிய பிறகே அடுத்த பயணம் கிளம்பியது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த பில்லை எழுதியவர்கள் வேடிக்கை பார்த்த வெளியாட்கள் இல்லை. வீரர்களை மீட்கும் வேலையில் பங்கெடுத்த நிறுவனத்துக்காரர்கள். நம் கூட்டத்திலும் முதல் வேடிக்கைப் பேச்சு சப்போர்ட் பெண்ணிடமிருந்து வருமானால், அதைவிட நல்லது இல்லை. அடி வாங்கியவருக்கே அந்த உரிமை அதிகம்.

ஆனால் அதே அப்பல்லோ திட்டத்தில், 1967 ஜனவரியில் தரைச் சோதனையின்போது கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். அப்படி ஒரு இழப்பைப் பேசும் அறையில் நகைச்சுவைக்கு வேலையே இல்லை. உயிர் போகாவிட்டாலும், இந்தத் தோல்வியால் குழுவில் ஒருவருக்கு வேலை போகிறது என்றால் அன்றைக்கும் வேண்டாம். அவரிடம் முதல்நாளே தனியாகப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் காரணத்தை மட்டும் பேசுங்கள்.

வேடிக்கையாக ஒன்றைச் சொன்ன பிறகு ஒருவர் முகம் சுருங்கிவிட்டது என்று தெரிந்தால், "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்று சமாளிக்க வேண்டாம். அது இரண்டாவது அடி. "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று எல்லார் முன்னிலையிலும் அப்போதே சொல்லிவிட்டு, பலகையில் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.