வெள்ளிக்கிழமை நாலு மணி

2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு உத்தரவு போட்டார். பிரிந்து வாழும் கணவர் குழந்தையைப் பார்க்க வரும்போது மனைவி அவரை விருந்தாளியாக நடத்தி, சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. பிள்ளையைப் பார்க்கும் நேரத்தை நீதிமன்றம் குறிக்கலாம். ஒருவரை ஒருவர் எப்படி நடத்துவது என்று கட்டளையிட முடியாது என்பது அமர்வின் நிலை.

நான் அமர்வின் பக்கம். மனக்கசப்போடு சோறு பரிமாறும் வேகத்தைப் பிள்ளை கவனிக்காமலா இருக்கும்? இனிமையாகச் சந்திக்க முடிந்தவர்கள் சந்திக்கட்டும். முடியாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளலாம். அதற்கு நல்ல குணம் தேவையில்லை, ஏற்பாடு போதும்.

மரக்காணம் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினாலும் பேச்செல்லாம் ‘பிள்ளை யாரிடம்’ என்பதிலேயே நிற்கிறது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கையில் என்பதை யோசித்து எழுதுவதில்லை. சண்டை அங்கேதான் புகுந்துகொள்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருபவர். அம்மா எட்டு வயது மகளோடு திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். ‘சனிக்கிழமை காலை பத்து மணி’ என்று காகிதத்தில் எழுதியாயிற்று. உப்பளத்தில் வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும், விடியுமுன்பே பாத்தியில் இறங்கியாக வேண்டும். பத்து மணிக்குத் திண்டிவனத்தில் நிற்க வேண்டுமென்றால் அன்றைய கூலி போச்சு. அவர் பதினொன்றரைக்கு வருவார். மாமியார் வாசலில் நிற்பார். “பெத்தவனுக்கு இப்பதான் நேரம் கெடச்சுதா?” மகள் பையோடு நடுவில் நிற்பாள்.

இதையே வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பள்ளி வாசலுக்கு மாற்றிப் பாருங்கள். காலையில் அம்மா விட்டுப் போகிறார், மாலையில் அப்பா அழைத்துப் போகிறார், இருவரும் எதிர்ப்படுவதே இல்லை. உப்பு வேலையும் மதியத்துக்குள் முடிந்திருக்கும். யார் அழைத்துப் போகலாம் என்று தலைமையாசிரியருக்கு இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம், நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல், இவ்வளவு போதும். சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போகும் நேரத்தில் அவருடைய அம்மாவிடம், ஆயாவிடம், பிள்ளை இருக்கலாம். ஞாயிறு மாலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தாய்வழித் தாத்தா வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அவர் வாயடக்கமுள்ளவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் நம் குடும்பங்களில் கடினம்.

தாமதத்துக்கும் ஒரு விதி வேண்டும். அரை மணி பார்ப்பது, அதன்பின் ஒரு குறுஞ்செய்தி, அன்றைய முறை அடுத்த வாரத்துக்கு. இல்லாவிட்டால் பிள்ளை சாயங்காலம் வரை செருப்பைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போகட்டும். காய்ச்சலா, எந்த மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தது, என்ன வீட்டுப்பாடம்: இவை மட்டும் அதில். ஏனென்றால், நோட்டு இல்லாத வீட்டில் பிள்ளைதான் தபால்காரர். “ஃபீஸ் கட்டலன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்று ஒரு முறை அனுப்பினால், பதிலையும் அதுவே சுமந்து வர வேண்டும். திரும்பி வந்ததும் “அங்க யாரெல்லாம் வந்தாங்க?” என்று குடைந்தால், இரண்டு வீட்டுக்கும் இரண்டு கதை சொல்லப் பழகிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி இதற்கு ஓர் அடையாளம்.

‘போக மாட்டேன்’ என்று அழும் பிள்ளை அங்கே கொடுமைப்படுத்தப்படுகிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பிரியும் நேரத்து அழுகை பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். அடங்காத பயம், காயம், தூக்கம் கெடுவது எல்லாம் வேறு விஷயம். அப்போது 1098-ஐ அழைக்கலாம். அடி உதை இருந்த வீட்டுக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குத் தீங்கு நேரலாம் என்று கருதினால் நீதித்துறை நடுவர் சந்திப்பையே மறுக்க வேண்டும்.

மிச்சமிருப்பது பணம். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும், உப்பளத்தில் கூலி நின்றுவிடும், அப்பா தர வேண்டிய மாதப் பணமும் தாமதமாகும். ‘காசு வரல, பிள்ளைய அனுப்ப மாட்டேன்’ என்ற பேச்சு வருவது அந்த மாதங்களில்தான். அம்மாவின் கோபத்தில் நியாயம் உண்டு. மழையிலும் பிள்ளைக்குப் பசிக்கும். ஆனால் ஜீவனாம்சத்துக்கு வேறு மனு, பிள்ளையைப் பார்ப்பதற்கு வேறு மனு. மழை மாதங்களில் எவ்வளவு, வெயில் மாதங்களில் எவ்வளவு என்று காகிதத்தில் முன்கூட்டியே பிரித்து எழுதிக்கொண்டால், புரட்டாசியிலேயே அந்தப் பேச்சை முடித்துவிடலாம், பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து.