பண்புப்பெயரும் வினைமுற்றும்

பல ஆண்டுகளுக்கு முன், என் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் மேலதிகாரியின் குறிப்புக்கான கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: “அனுசரித்துப் போகும் குணம் போதாது.” அன்றிரவு கே.கே. நகர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே, யாரை அனுசரிக்காமல் போனேன் என்று யோசித்தேன். கூட்டத்தில் குறுக்கே பேசியதா? விடுமுறை நாளில் வர முடியாது என்றதா? படிவம் எதையும் சொல்லவில்லை. அந்த வரியைக் கொண்டு என்னைத் திருத்திக்கொள்ளவும் முடியவில்லை, அதை மறுக்கவும் முடியவில்லை.

சென்ற ஆண்டு அதே கட்டத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரைப் பற்றி என் பேனா முதலில் எழுதியது இது: “பொறுப்புணர்வு குறைவு. குடும்பச் சூழலால் கவனம் சிதறுகிறது.” அவருக்குக் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். அது அவருடைய வேலையில் எந்த நாளில் எதைக் கெடுத்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் காரணமாக எழுதியிருந்தேன்.

நன்னூல் நடத்துகிறவளுக்கு இது புரிய இவ்வளவு நாளானது வெட்கம்தான். வினை ஆறு செய்திகளைத் தரும் என்று வகுப்பில் சொல்கிறோம்: செய்தவர் யார், எதைக் கொண்டு, எங்கே, என்ன செயல், எப்போது, எதை. ‘பொறுப்பின்மை’ என்ற பண்புப்பெயரில் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. அது ஆளின்மேல் ஒட்டிக்கொள்ளும், நிகழ்ச்சியைக் காட்டாது.

அந்த வரிகளை அடித்துவிட்டு, பதிவேட்டைப் பார்த்து மீண்டும் எழுதினேன்: “மூன்று அகமதிப்பீட்டுத் தேர்வுகளில் முதலாவதன் மதிப்பெண்களை உரிய நாளில் தந்தார். இரண்டாவதை 9 நாள், மூன்றாவதை 12 நாள் தாமதமாகத் தந்தார். இரண்டாம் தேர்வின் விடைத்தாள்கள் மூன்றாம் தேர்வுக்கு முந்தைய நாள்தான் மாணவியர் கைக்குப் போயின. வரும் ஆண்டில் தேர்வு முடிந்து 7 வேலைநாளுக்குள் திருப்பித்தர வேண்டும்.”

தேதிகளைத் தேடியபோது இன்னொன்றும் கிடைத்தது. இரண்டாம் தேர்வு நடந்த வாரத்தில் தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளை அவர் தலையில் கட்டியது நான்தான். அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். ‘பொறுப்பின்மை’ என்று எழுதி முடித்திருந்தால் என் பங்கு எனக்கே தெரிந்திருக்காது.

கையெழுத்திடும் முன் அவரிடம் காட்டினேன். நெடுநேரம் படித்தார். “ரெண்டாவது சரிதான் மேடம். மூணாவது பன்னிரண்டு இல்லை, எட்டு நாள். ஆபீஸ் நோட்டுல கையெழுத்து இருக்கு” என்றார். போய்ப் பார்த்தோம், எட்டுதான். திருத்தினேன். தேதி தவறாக இருந்தால் திருத்தலாம். ‘உனக்குப் பொறுப்பில்லை’ என்பதைத் திருத்த எந்த நோட்டைப் புரட்டுவது?

மந்தண அறிக்கை என்று ஒரு காலத்தில் மூடிவைத்திருந்ததைத் திறக்கச் சொன்னது 2008ஆம் ஆண்டின் தேவ் தத் வழக்கு. அவருக்குக் கிடைத்த குறிப்பு ‘நன்று’. பதவி உயர்வுக்குத் தேவைப்பட்டதோ ‘மிக நன்று’. அந்த ஒரு சொல் தன்னைத் தடுப்பது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மறு ஆண்டு, மத்திய அரசு ஊழியர்களுக்கு அறிக்கை முழுவதையும் காட்டி, முறையிட 15 நாள் தரும் ஆணை வந்தது. ஆனால் ‘மனப்பான்மை சரியில்லை’ என்ற குறிப்புக்கு 15 நாளில் என்ன பதில் எழுதுவது? குறிப்பில் நிகழ்ச்சி இல்லாவிட்டால் முறையீட்டு உரிமை வெறும் காகிதம்.

அமெரிக்காவின் ஆன் ஹாப்கின்ஸ் கதை இதில் இன்னும் சிக்கலானது. 1982இல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கியல் நிறுவனத்தில் பங்குதாரராக முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். உடன் வேலை செய்தவர்களிடம் கடுமையாக நடந்துகொள்கிறார் என்ற குறை அவர்மீது உண்மையாகவே இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து, இன்னும் பெண்மையாக நடக்கவும் உடுத்தவும் ஒப்பனை செய்யவும் வேண்டும் என்ற அறிவுரையும் வந்தது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய வார்ப்புகளை வைத்து ஒரு பெண்ணின் பதவியை முடிவுசெய்வது பாகுபாடே என்றது. அந்தக் கடுமையை யாரிடம், எந்த நாளில் என்று தனியே எழுதியிருந்தால் அதை அவர் எதிர்கொண்டிருக்கலாம். ஒப்பனையும் நடையும் கலந்தபின், நியாயமான குறையும் நம்பகத்தை இழந்தது.

நிகழ்ச்சியை எழுதிவிட்டால் நீதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒருத்தியின் தாமதங்களை மட்டும் எண்ணிவைத்தால் தேதிகளும் ஆயுதம்தான். அதனால் கடைசியாக ஒன்று செய்தேன். அதே பதிவேட்டில் துறையின் ஆண் ஆசிரியர் ஒருவரின் தேதிகளையும் பார்த்தேன். ஒரு தேர்வில் அவருக்கு 11 நாள் தாமதம். அவரைப் பற்றி நான் ஏற்கனவே எழுதி வைத்திருந்தது, “பணிச்சுமை அதிகம்.”

அந்தப் படிவத்தையும் திரும்ப எடுத்தேன்.