கணக்கும் கொடையும்

திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுறும் முதியோர் இருவருக்காக, இறைவனுக்கு நன்றி கூறும் பாடல் ஒன்று இயற்றித் தருமாறு அவர்தம் மக்கள் நம்மை வேண்டினர். தலைநகரில் பணியாற்றி ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியருடன் வாழும் குடும்பம் அது. பாடலை இயற்றும் பணி எதுகை மோனையுடன் முடிந்துவிடுவதன்று. அதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. நெடுங்காலம் இணைந்து வாழும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அங்ஙனம் வாய்த்தவர்கள், வாய்க்காதவர்களின் முன்னிலையில் எந்த முகத்தோடு நன்றி கூறுவது?

இக்கேள்வி வெறும் தத்துவமன்று. பாடல் எழுதுமுன் அவ்விருவரையும் கண்டு பேசினோம். அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, பாட்டிலே சுமங்கலிப் பாக்கியம் அது இதுன்னு எழுதாதீங்க. என் தங்கச்சி முன்வரிசையிலே உட்கார்ந்திருப்பா.” அத்தங்கை இளமையிலேயே கணவனை இழந்து, தமக்கையுடன் இவ்வூருக்கு வந்து, இவ்வில்லத்துப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார்.

நம் மரபுச் சடங்குகள் இவ்விடத்தில் நமக்கு அதிகம் துணைசெய்வதில்லை. அறுபது நிறைந்தால் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம் என்று விழாக்கள் பல உள்ளன. ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு பிறைகள் போக, மிகுதி நாள்களும் சேர்ந்துவர, எண்பது ஆண்டுகளும் ஏறத்தாழப் பத்துத் திங்களும் ஆகும்போது ஆயிரம் பிறை நிறையும். ஆனால் இவை யாவும் கணவரின் வயதை எண்ணுபவை. மனைவி அருகில் அமர்கிறார். மீண்டும் மாங்கல்யம் ஏற்கிறார். எனினும் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு அங்கே தனிக்கணக்கு இல்லை. ஐம்பது ஆண்டில் இருவரும் ஒருங்கே கண்டிருக்கக்கூடிய முழுநிலவுகள் சுமார் 618. அந்த 618 நிலவுகளுக்குத்தான் இப்பாடல்.

இத்தகைய பாடல்கள் பெரும்பாலும் “முற்பிறவியில் செய்த புண்ணியத்தால் பெற்ற வாழ்வு” என்று தொடங்கி, “இறைவா, உனக்கு நன்றி” என்று முடிவதைக் காண்கிறோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பணியில் உள்ளோர்க்கு இது எளிதில் விளங்கும். ஓய்வூதியம் நம் உழைப்பினால் வந்த உரிமை. அதனைப் பெறுவதற்காக யார் காலிலும் நாம் விழுவதில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருக்கிறோம் என்ற சான்றிதழைத் தந்துவிட்டால் போதும். கணக்குப்படி வந்து சேரும். நீண்ட இல்வாழ்வும் புண்ணியத்துக்கு ஈடாக வந்ததாயின், அதுவும் ஓய்வூதியம் போன்றதே. அங்கே நன்றிக்கு இடமேது? நன்றி தேவைப்படுவது, கணக்கில் வாராத கொடை ஒன்றுக்கே.

புண்ணியத்தின் பயன் என்று பாடினால் வேறொரு தீங்கும் நேர்கிறது. முன்வரிசையில் இருக்கும் தங்கை என்ன பாவம் செய்தார் என்ற வினாவை அப்பாட்டு வாய்திறவாமலே எழுப்பிவிடுகிறது. பாடுபவர் அதனைக் கருதாதிருக்கலாம். கேட்பவர் நெஞ்சில் அது தைக்காமல் போகாது.

நெடுவாழ்வையும் நல்வாழ்வையும் ஒன்றாக்குவது நம் புராணத்துக்கும் உடன்பாடன்று. மணிவிழாவும் சதாபிஷேகமும் செய்துகொள்ள மக்கள் திரளும் திருக்கடையூரின் கதையையே எடுத்துக்கொள்வோம். மிருகண்டு முனிவரும் மருத்துவதியும் பிள்ளை வரம் வேண்டித் தவமிருந்தனர். நீண்ட நாள் வாழும் அறிவற்ற மகன் வேண்டுமா, பதினாறு ஆண்டே வாழும் நற்குண மகன் வேண்டுமா என்று இறைவன் வினவினார். அவர்கள் பதினாறு ஆண்டையே கேட்டுப் பெற்றனர். காலனை இறைவன் உதைத்ததையும் மார்க்கண்டேயன் என்றும் பதினாறாய் நின்றதையும் நாம் மறவாமல் சொல்கிறோம். ஆயுளை விரும்பிச் செல்லும் அத்தலத்தின் கதை, ஆயுளைப் பெரிதென எண்ணாத பெற்றோரிடமிருந்து தொடங்குவதைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

எனவே இப்பாடலுக்கு மூன்று கட்டுப்பாடுகள் வகுத்துக்கொண்டோம். பிறரினும் மிகுதியாகப் பெற்றோம் என்ற ஒப்பீடு கூடாது. காரணம் கூறுதல் கூடாது. பெற்றது இன்னதென்று பெயர் சொல்லாத பொதுப்புகழ் கூடாது. குடும்பத்தார் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர் முருகனை வழிபடுவோர் ஆதலின், பாடல் அவனை நோக்கியது. பேரப்பிள்ளைகள் தமிழை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுபவர்கள். ஆகவே சொற்கள் எளியவையாக இருத்தல் வேண்டும். ஐந்தே சுரங்கள் கொண்ட மோகனமும் ஆதி தாளமும் அவர்கள் குரலுக்கு இசைந்தன. பல்லவி இது:

நன்றி சொல்ல வந்தோம் ஐயா
நடந்த வழியெலாம் நீயிருந்தாய்

முதற் சரணம், காரணம் கூறாமையையும் முன்சென்றோரையும் கருதியது:

எண்ணிக் கேட்டுப் பெற்றோ மில்லை
ஏனெமக் கென்றும் அறிந்தோ மில்லை
கண்முன் இருந்தோர் முன்னே சென்றார்
கைகூப் பும்போது உடன்நிற் கின்றார்

இரண்டாம் சரணத்துக்கு வேண்டிய பொருளை அவர்களே தந்தனர். மணமான ஆண்டில் வடநாட்டுக் குளிரை அறியாமல் ஒரே கம்பளியுடன் வந்திறங்கியதைப் பெரியவர் சொன்னார். சண்டையிட்ட நாள்களில் சமாதானம் பேசியது யார் என்று கேட்டதற்கு, “யாரும் பேசினதில்லை, சாயங்காலம் இவர் காப்பி போட்டுக் கொண்டாந்து வைப்பார், அவ்வளவுதான்” என்றார் அம்மையார்.

ஒற்றைக் கம்பளி இருவர்க் காகி
ஓட்டிய முதற்குளிர் உன்னரு ளாகும்
மற்றை நாளின் சண்டை தீர்த்த
மாலைக் காப்பியும் உன்னரு ளாகும்

காப்பி இறைவனின் அருளாகுமா என்று புலவர் ஒருவர் நகைக்கக்கூடும். ஆயின் “எல்லையில்லாப் பேரருள்” என்ற தொடரை எந்த இணையர்க்கும் பாடிவிடலாம். அது எவருடைய வாழ்வுமன்று. கம்பளியும் காப்பியும் இவ்விருவர்க்கே உரியவை. மேலும், அவற்றைப் பாடக் கேட்பவர் எவருக்கும் தம் இழப்பு சுடுவதில்லை. தம்மிடமும் இருந்த அத்தகைய ஒன்று நினைவுக்கு வருகிறது.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. “இருவரும் இன்னும் நூறாண்டு இணைந்திருக்க அருள்வாய்” என்ற வேண்டுதலையும் சேர்க்குமாறு மக்கள் கேட்டனர். அன்பினால் எழுந்த விருப்பம் அது. எனினும் நன்றியின் வாலில் வேண்டுதலைக் கட்டினால், நன்றி அடுத்த விண்ணப்பத்துக்கு முகவுரையாகிவிடும். மேலும் ஒருநாள் இருவரில் ஒருவர் முன்னே செல்லத்தான் வேண்டும். அன்று அவ்வரி நிறைவேறாத வரியாகிக் கிடக்கும். எஞ்சியவர் அப்பாட்டை மீண்டும் பாட இயலாது. ஆதலால் அதனைப் பாடலில் சேர்க்கவில்லை. வாழ்த்து அவரவர் வாய்மொழியாகவே அமையட்டும் என்றோம். பல்லவியில் “இருவர்” என்ற சொல் இல்லாததும் இதனாலேயே. “வந்தோம்” என்று தனியொருவரும் பாடலாம்; சென்றவரையும் சேர்த்துப் பாடலாம்.

நன்றிப் பாடலுக்கு நாம் கண்ட உரைகல் இதுவே: இன்று இணைந்திருப்போர் பாடுவதை நாளை தனித்திருப்பவரும் பாட இயல வேண்டும். கொடுக்கப்பட்ட நாள்கள் கொடுக்கப்பட்டவையே. பின்னர் வரும் இழப்பு அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை. இதனை உணர்ந்து எழுதப்பட்ட பாடலில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கையும் குரல் கலந்துகொள்ளலாம். சில ஆண்டுகளே ஆயினும் அவருக்கும் நடந்த வழியொன்று இருந்ததன்றோ?