மேசையும் பாயும்

தமிழில் நாம் மேசை என்கிறோம். மலாய்க்காரர் மேஜா என்கின்றனர். இரண்டும் போர்த்துகீசியரின் 'மேசா' என்னும் சொல்லின் வழிவந்தவையாம். இச்சிறு செய்தியினின்று பெரியதொரு கேள்வியை எழுப்பியவர் சபாவில் பிறந்த யீ ஐ-லான் என்னும் கலைஞர். 2013-ல் அவர் 'அதிகாரத்தைப் படம்பிடித்தல்' என்னும் பொருள்படும் படவரிசையொன்றை வெளியிட்டார். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களைப் பெயர்த்தெடுத்து வேறுவகையாய் இணைத்தபோது, அவற்றில் ஒதுங்கிக் கிடந்த மேசை முன்னே வந்து நின்றது.

அளந்து பெயரிடுவோனும் கணக்கெழுதுவோனும் மேசைக்குப் பின்னே இருக்கின்றனர். அளக்கப்படுவோன் முன்னே நிற்கிறான். தோட்டத்துப் பழைய படங்களிலும் இதுவே ஒழுங்கு. துரை நாற்காலியில், பெயர் அடியில் அச்சாகியிருக்கும். பின்வரிசையில் நிற்போர் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். ஆயின் அவர்கள் பெயரை எழுதிய ஏடு ஒன்று உண்டு, அது செக்ரோல். அதனை எழுதியது கிராணிகளாகிய நம் கை. எனினும் எழுதியது நாட்கூலிக்காக, நினைவுக்காக அன்று.

ஊமையாய் நின்றவர் முகத்தைக் கலைஞரும் எடுத்தாளுவதால் அவர்களுக்கு வாய் வந்துவிட்டதா? வரவில்லை என்றே நாம் கருதுகிறோம். படத்தை மாற்றியடுக்குவோரும் ஒரு மேசைக்குப் பின்னேதான் அமர்ந்திருக்கிறார். ஐ-லானின் பின்னைய முயற்சியை நாம் மேலாக மதிப்பது இதனால்தான். செம்பூர்ணாக் கடலிலுள்ள ஓமாடல் தீவின் பஜாவ் பெண்களோடு சேர்ந்து, மேசையின் உருவத்தைப் பாய்களில் பின்னச் செய்தார். 2018-ல் தொடங்கிய அவ்வரிசையில் அறுபது பாய்கள். பின்னியவர் பெயர்களும் கலைஞர் பெயரோடு சொல்லப்படுகின்றன. அச்சமூகத்தாரில் பலருக்கு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லை. எந்த மேசையும் அவர்களைப் பதிந்துகொள்ளவில்லை. அவர்கள் கையால் மேசை தட்டையாகிப் பாயாகிறது. அதன்மேல் யாரும் அமரலாம்.

நம் டெங்கிலுக்கு அண்மையில் பிராங் பெசார் என்றொரு தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கிலேய அதிகாரிகள் 1921-ல் தொடங்கியது. 'பெரும் போர்' என்பதே அதன் பொருள். ரப்பர் வெட்டியவர் போரைப் பெயரே சுமந்தது, போரிட்டவர் நினைவு! இன்று அங்கே புத்ராஜெயா நிற்கிறது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டன. பழைய தோட்டப் படங்களை அச்சிட்டு, அவ்வடுக்ககக் கூடத்தில் பாய் விரித்து, முதியோர் முன் வைத்து, "இவர் யார், இவள் யார்?" என்று கேட்போர் வேண்டும். செக்ரோலில் உள்ள பெயரும் படத்திலுள்ள முகமும் ஒன்றாகச் சேர அவர்களே வழி. அவர்கள் வயதோ எண்பதை நெருங்குகிறது.