ஒன்பது பேர் உள்ள மேசை

மலேசியாவில் தமிழர் வீட்டுத் திருமண விருந்துகள் பல இன்று மண்டபத்து வட்ட மேசைகளில் நடக்கின்றன. வழக்கமாக மேசைக்குப் பத்துப் பேர். பந்தியில் காலியான இலை முன் யாரும் உட்காரலாம். இங்கோ, யார் பக்கத்தில் யார் என்பதைக் கல்யாண வீடே முன்கூட்டி முடிவு செய்கிறது. அந்தப் பொறுப்பு பெரியது.

அழைப்புப் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு குடும்பம். மேசைத் தாளுக்கு வேண்டியது தலைக்கணக்கு. எக்செலில் A பத்தியில் பெயர், B-யில் வருவோர் எண்ணிக்கை, C-யில் மேசை எண் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் மேசையில் மாமா குடும்பம் 4, சித்தப்பா குடும்பம் 3, பக்கத்து வீட்டுத் தம்பதி 2. இதற்கு COUNTIF போட்டால் 3 என்றுதான் வரும். அது வரிகளை எண்ணுகிறது. ஆட்களைக் கூட்டுவது இது:

```
=SUMIF(C:C,7,B:B)
```

விடை 9. எல்லா மேசைகளின் கூட்டுத்தொகையும் B பத்தியின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசைத் தொகை குறைந்தால், யாரோ ஒருவருக்கு மேசை எண் போடாமல் விட்டிருக்கிறோம். பிறகு C பத்தியின்படி வரிசைப்படுத்தலாம். மூன்று பத்திகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் எண் ஒருவருக்கும் பெயர் இன்னொருவருக்கும் போய்விடும். மொத்தம் அப்போதும் சரியாகவே இருக்கும் என்பதால் அந்தப் பிழை கண்ணில் படாது. மேசைத் தாள் மண்டபத்தாருக்கு. வாசலில் நிற்பவர்களுக்குப் பெயர் அகரவரிசையில் இன்னொரு தாள் வேண்டும்.

இத்தனையும் சரியான பின்பு ஏழாம் மேசையில் ஒரு நாற்காலி மிஞ்சுகிறது. அங்கே யாரைப் போடுவது? பட்டியலில் 1 என்று எழுதிய வரியைத் தேடுகிறோம். அது பெரும்பாலும் கணவரை இழந்த ஓர் அத்தையாகவோ, திருமணமாகாத ஒரு பெரியப்பாவாகவோ இருக்கும். ஈப்போவிலிருந்து பேருந்தில் வரும் அத்தை, தனக்கு அறிமுகமே இல்லாத ஒன்பது பேர் நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை அவமதிக்க நினைக்கவில்லை. பெரிய குடும்பங்களை முதலில் நிரப்பி, மிச்சத்துக்குத் தனியாளை வைக்கும் வரிசைதான் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

வரிசையைத் திருப்பினால் போதும். தனியாக வருபவர்களுக்கு முதலில் இடம் குறியுங்கள். அத்தை 1, அவரோடு பேசிப் பழகிய தங்கை குடும்பம் 5, தங்கையின் சம்பந்தி வீடு 4; பத்து ஆகிவிட்டது. ஏழாம் மேசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கட்டும். மேசைக் கணக்கில் பணம் வாங்கும் மண்டபமானால் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு தகும்.

அச்சடிக்கக் கொடுக்கும் முன், 1 என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு போன் போட்டு, யாரோடு உட்கார விருப்பம் என்று கேட்டுவிடுங்கள்.