வாசலுக்கு வெளியே

வீட்டுக்குள் பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் கணவரிடம் மனைவி எதைக் கேட்கலாம், எந்த அளவுக்கு வற்புறுத்தலாம் என்பது இருவருக்கு நடுவில் மட்டும் தீரும் வழக்கு அல்ல. அதில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. தூளியில் கிடக்கும் அந்தக் குழந்தையால், புகை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எழுந்து போக முடியாது. பரவாயில்லை என்று சம்மதிக்கவும் முடியாது. பெரியவர்கள் இருவர் மட்டுமே உள்ள வீட்டில் இது விட்டுக்கொடுத்தலுக்கு உட்பட்ட சங்கதியாக இருக்கலாம். குழந்தை உள்ள வீட்டில் அதன் சார்பில் விட்டுக்கொடுக்கும் உரிமை தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பது அடி. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, ஐந்து மாதத்தில் ஒரு கைக்குழந்தை. கணவர் பகலில் வெளியே எங்கு புகைத்தாலும் குழந்தைகளுக்கு அந்தப் புகை எட்டுவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடிப்பதும், மார்கழிப் பனியிலும் மழையிலும் வெளியே போகச் சோம்பி உள்ளேயே பற்றவைப்பதும்தான் அவர்களைச் சேர்கின்றன.

அந்த அறைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ முப்பது கன மீட்டர். ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் சுமார் பத்து மில்லிகிராம் நுண்துகளைக் காற்றில் விடுகிறது. கதவும் சன்னலும் சாத்தியிருந்தால் ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாள் சராசரிக்கு வகுத்த வரம்பு 15. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒருமுறை காற்று மாறினாலும், இரண்டு மணி நேரம் கழித்து 45 அளவில் மிச்சம் இருக்கும். மணமும் கண்ணெரிச்சலும் தணிந்துவிட்டதால் பெரியவர்கள் புகை போய்விட்டது என்று நினைக்கும் நேரம் அது. பீடியில் புகையிலை குறைவு. ஆனால் அடிக்கடி அணைந்துபோவதால் மீண்டும் மீண்டும் இழுக்கிறார்கள், ஒன்றோடு நிறுத்துவதும் அரிது. அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு புகைப்பவரின் வாயிலிருந்து வருவதும் அல்ல. இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் நுனி கனன்றுகொண்டிருக்கும்போது வருவது. அதனால் மேலே பார்த்து ஊதுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், மின்விசிறியைப் போடுவதும் பயன் தருவதில்லை. கைக்குழந்தை நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு விடுகிறது; பெரியவர் விடுவது பன்னிரண்டு முதல் இருபது. காதில் சீழ், திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி, இழுப்பு, நிமோனியா ஆகியவை இத்தகைய வீடுகளில் கூடுதலாக வருகின்றன என்பது மருத்துவத்தில் நிலைநாட்டப்பட்டது.

கணவர் பக்கத்தில் சொல்லக்கூடிய நியாயங்களில் ஒன்றுக்கு உண்மையான கனம் உண்டு. நிகோடின் ஓர் அடிமைத்தனம். இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. பிறகு எரிச்சலும் தவிப்பும் வருகின்றன. இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு பேச்சில் விடு என்பது நியாயமான கோரிக்கை ஆகாது. விட முடியாதவரைக் கெட்டவர் என்பதும் ஆகாது. ஆனால் அடிமைத்தனம் எதை ஆள்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிடிக்காமல் இருக்க முடியவில்லை என்பதை அது விளக்கும். எங்கே பிடிப்பது என்பதை அது விளக்காது. பேருந்தில் அவர் பிடிப்பதில்லை. கோயிலுக்குள் பிடிப்பதில்லை. தந்தையோ மாமனாரோ எதிரே வந்தால் கையிலிருக்கும் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் வழக்கம் இந்த ஊர்களில் இன்றும் உண்டு. மரியாதைக்காக இடத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். அந்த மரியாதை மேல்நோக்கி, மூத்தவருக்கு மட்டும் போகிறது. கீழே, தூளிக்கு வருவதில்லை. அறக்கேள்வியின் மையம் இதுதான் என்பதால், கணவரிடம் கேட்க வேண்டியதும் பழக்கத்தைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி.

சட்டம் இங்கே துணைக்கு வராது. கேரள உயர் நீதிமன்றம் 1999இலும் உச்ச நீதிமன்றம் 2001இலும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தன. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. எல்லாமே வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன. 18 வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்கிற பிரிவு மட்டும் குடும்பத்தைத் தொடுகிறது: பெட்டிக்கடைக்குப் பிள்ளையை அனுப்பிப் பீடிக் கட்டு வாங்கிவரச் சொன்னால், கடைக்காரர் அதைக் கொடுக்கக் கூடாது.

மனைவிமார் கேட்பதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதைக் காட்டியது கேரளத்தில் நடந்த ஓர் ஆய்வு. திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மைய ஆய்வாளர்களும் அமெரிக்க மானிடவியலர் மார்க் நிக்டரும் சேர்ந்து, புகையில்லா வீடுகள் முயற்சியைச் சில ஊர்களில் செய்துபார்த்து, 2015இல் வெளியிட்டனர். தொடக்கக் கணக்கெடுப்பில் பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினர் வீட்டுக்குள் பிடிக்க வேண்டாம் என்று கணவரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அப்படியும் புகைக்கும் ஆண்களில் 70 முதல் 80 விழுக்காட்டினர் உள்ளேயே வழக்கமாகப் புகைத்தார்கள். குறை துணிச்சலில் இல்லை, அறிவிலும் இல்லை. தனியாகக் கேட்கும் ஒரு பெண்ணின் சொல்லுக்கு அந்த வீட்டில் எடை போதவில்லை. ஊர்ப் பெண்கள் சேர்ந்து, எங்கள் தெருவில் வீட்டுக்குள் புகைப்பதில்லை என்று பொதுவாக அறிவித்த பிறகு நிலை மாறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், புகைக்கும் ஆண்களில் 34 முதல் 59 விழுக்காட்டினர் வீட்டுக்குள் பிடிப்பதை விட்டிருந்தனர். பழக்கத்தை விட்டவர்கள் அல்ல அவர்கள்; வெளியே போனவர்கள். மனைவிக்கு அடங்கினான் என்ற பேச்சு இல்லாமல், ஊர் வழக்கத்துக்கு உடன்பட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இதனால் இருவர் பேச்சு வீண் என்றாகாது. அது முதல் படி. எப்படி வைக்கப்படுகிறது என்பதில்தான் பயன் இருக்கிறது. பற்றவைத்த கையோடு இருப்பவரிடமும், குடித்து வந்தவரிடமும், மாமியார் எதிரிலும் தொடங்கினால் பேச்சு புகையைவிட்டு மானத்துக்குத் தாவிவிடும். காலையில், குழந்தை அவர் மடியில் இருக்கும் வேளையில், கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குவது நல்லது. “என்னங்க, இந்த ரெண்டு மாசத்துல பாப்பாவுக்கு மூணு தடவை சளி கட்டிருச்சு. பீடியை விடுங்கன்னு நான் சொல்ல வரல. பத்து அடி தள்ளி வேப்பமரத்துக்கிட்ட நின்னு பிடிச்சிட்டு வாங்க, அதுமட்டும் போதும்.” இந்தச் சொற்களில் குற்றச்சாட்டு இல்லை, அளவுள்ள ஒரு கோரிக்கை இருக்கிறது. அவர் “சன்னல்கிட்டத்தான நின்னு பிடிக்கிறேன்” என்றால், காற்று புகையை வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளும் நேரமும் உண்டு என்பதை அன்று இரவே ஊதுவத்தி ஒன்றைச் சன்னலோரம் கொளுத்திவைத்து இருவரும் பார்க்கலாம். திண்ணையும் போதாது, திறந்த கதவு வழியே புகை உள்ளே வரும்.

ஒப்புக்கொண்டால் சின்ன ஏற்பாடுகள் தேவைப்படும். பீடிக் கட்டும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத மாடத்தில் இருந்தால் கை தானாக வெளியே போகும். குழந்தை துண்டுப் பீடியை எடுத்து வாயில் போடும் ஆபத்தும் குறையும். மழைக்கு ஒரு குடை வாசலில் மாட்டியிருக்க வேண்டும். ஏனெனில் உடன்பாடு உடைவது பெரும்பாலும் மழை நாளில்தான். பிடித்துவிட்டு வந்ததும் கையும் வாயும் கழுவி, தோளில் கிடக்கும் துண்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குவது நல்லது. துணியிலும் தோலிலும் ஒட்டிய படிவு சிறிதளவாவது குழந்தைக்குப் போகிறது. ஒப்பந்தம் நிற்கிறதா என்று வேவு பார்க்கத் தேவையில்லை. தூளிச் சேலையைக் காலையில் முகர்ந்தால் தெரிந்துவிடும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. குழந்தைக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று மிரட்டுவது, நெருங்கிய ஆபத்துகளான சளியையும் இழுப்பையும் விட்டுவிட்டுத் தொலைவில் உள்ள ஒன்றைப் பிடிப்பது. அடுத்த வாரம் குழந்தை நன்றாக இருந்தால் சொன்னவரின் எல்லாச் சொல்லும் மதிப்பிழக்கும். நல்ல நோக்கத்துக்காகவும் உண்மையை மிகைப்படுத்தலாகாது என்பது இங்கே நடைமுறைக்கும் பொருந்துகிறது. இன்னொன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து “அப்பா, பீடி வேணாம்” என்று கேட்கவைப்பது. பலரும் இதை அழகாக நினைக்கிறார்கள். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் குழந்தை தலையில் ஏற்றுவது அது. தந்தை மீறிப் பிடிக்கும்போது தன் பேச்சு தோற்றது என்ற வலியையும் அந்தப் பிள்ளையே சுமக்கிறது.

கேட்டால் அடி விழும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே பேசும் கடமையை மனைவி மேல் வைப்பது கொடுமை. அங்கே அவள் செய்யக்கூடியது, அவர் பற்றவைக்கும்போது குழந்தைகளோடு வெளியே வருவது. பேச வேண்டியவர்கள் மற்றவர்கள்: கணவர் மதிக்கும் அண்ணன், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர். அடி உதைக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. மாமியாருக்கும் இதில் பங்கு உண்டு. மகனை ‘வெளியே போய்ப் பிடிடா’ என்று சொல்லும் உரிமை அவருக்கு மருமகளைவிடக் கூடுதலாக உண்டு; அந்த உரிமையை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது மருமகளின் மௌனத்தைவிடக் கனமான தவறு.

வீட்டுச் சங்கதியை வெளியே கொண்டுபோவது கணவருக்குச் செய்யும் துரோகமா? பெயர் சொல்லிப் பேசினால் அப்படி ஆகக்கூடும். பொது வழக்கமாகப் பேசினால் ஆகாது. பெண்கள் குழுவாகக் கூடிப் பேசுவதில் தருமபுரி மாவட்டத்துக்குப் பழைய அனுபவம் உண்டு: தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு, 1989இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். சேமிப்புக்கும் கடனுக்கும் கூடும் அதே குழுவில், குழந்தை உள்ள எந்த வீட்டுக்குள்ளும் புகைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுத எந்தக் கணவரின் பெயரும் தேவையில்லை. திருவிழாவுக்கு வரும் உறவினரிடமும், “எங்க தெருவுல இப்படி ஒரு வழக்கம் வச்சிருக்கோம் மாமா” என்று மரியாதை குறையாமல் சொல்லலாம்.

வெளியே போய்ப் பிடிக்கத் தொடங்கியவர்களில் சிலர் நாளடைவில் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு பீடிக்கும் எழுந்து நடக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். கணவரே ஒரு நாள் விட வேண்டும் என்று சொன்னால், 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். அந்த எண்ணை முதல் நாள் பேச்சிலேயே நீட்டினால், இடத்தைப் பற்றிய கோரிக்கை பழக்கத்தைப் பற்றியதாக அவர் காதில் விழும். அவர் கேட்கும்வரை அது மாடத்தில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் எழுதிவைத்த காகிதமாக இருக்கட்டும்.