நீண்ட தண்டு எங்கே வளர்கிறது

ஆற்றுவாழைக்கு உப்பு ஆகாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு மிதந்து வரும் செடிகள் கடல்நீர் பட்டுக் கருகிவிடும். திருகோணமலைத் துறைமுகத்தை உப்பே காக்கிறது. அந்தக் காவல் இல்லாதவை உள்ளூர்க் குளங்களும் வயல் வாய்க்கால்களும். இந்தச் செடியை ஒழிக்க இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் வந்தது. இன்றும் மாரி வெள்ளத்தில் அம்பாறையின் கிட்டங்கிப் பாலத்தடியை அது அடைத்துக்கொள்கிறது.

அள்ளுகிறவர்களை முதலில் களைக்க வைப்பது அதன் எடை. 100 கிலோ பச்சைச் செடியைக் காயவைத்தால் மிஞ்சுவது ஐந்தாறு கிலோதான். தண்ணீரை லொறியில் ஏற்றிக் கூலி கொடுப்பானேன் என்று பலர் கரையிலேயே குவித்துவிடுகிறார்கள். அது அங்கே அழுகி, உறிஞ்சிய உரச்சத்தை அடுத்த மழையோடு குளத்துக்கே திருப்பிக் கொடுக்கிறது. கரையில் வாடவிடலாம், ஆனால் வாடியதும் அங்கிருந்து அகற்றிவிட வேண்டும்.

வேரையும் இலையையும் நறுக்கி, வைக்கோலும் மாட்டுச் சாணமும் இடையிடையே போட்டு இடுப்பளவு குவித்தால், உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். விதையைக் கொல்வது அந்தச் சூடுதான். வாடாத செடியைக் குவித்தால் சூடு ஏறாது, புளித்த நாற்றம் வரும். அப்போது கிளறி, வைக்கோல் கூட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். நகரக் கழிவுவாய்க்காலில் அள்ளியதை மரக்கறிப் பாத்திக்குப் போடக்கூடாது. அதன் வேர் ஈயம் போன்ற உலோகங்களையும் பிடித்து வைத்திருக்கும்.

வேரும் இலையும் எருவுக்குப் போக, கயிறு பின்ன வேண்டியது தண்டு மட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது நன்றாகக் காயும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே பழுப்பேறினாலும் உள்ளே பஞ்சுபோன்ற பகுதியில் ஈரம் நிற்கும் என்பதால் அவசரப்படக்கூடாது. முப்புரியாகப் பின்னினால் கூடைக்கும் பாய்க்கும் உதவும். நனைந்தால் வலு போய்விடும், தோணி கட்ட ஆகாது.

என் மனதை அலைக்கழிப்பது அந்தத் தண்டின் நீளம். பின்னுவதற்கு முழ நீளமாவது வேண்டும். அப்படிப்பட்ட தண்டு, உரமும் கழிவும் நிறைந்த நீரில் செடிகள் நெருக்கியடித்து நிற்கும்போதுதான் கிடைக்கும். சத்துக் குறைந்து இடம் விரிந்த நீரில் செடியின் தண்டு குட்டையாக, உப்பிப் போயிருக்கும். ஆக, மிக அழகான கூடைக்கு மிக நோயுற்ற குளம் தேவைப்படுகிறது. குளத்தைத் துப்புரவாக்குகிறவர்களுக்கு அள்ளிய எடைக்குக் காசு என்றால், குளம் மீண்டும் மூடுவதையே எல்லோரும் எதிர்பார்த்திருப்போம். நீர் வெளித்துக் கிடக்கும் பரப்புக்கே கூலி கொடுக்க வேண்டும். குளம் தேறித் தண்டு குட்டையாகிவரும் ஆண்டில் பின்னுகிற பெண்களுக்குப் பன்னும் பனையோலையும் கையில் கிடைக்கும்படி இப்போதே ஏற்பாடு வேண்டும். அவர்களின் பிழைப்பு குளத்தின் நோயை நம்பியிருக்கக்கூடாது.